கேட்டில் நிற்பவருக்கு எழுதிக் கொடுத்த விதி எங்கே?

மேடம், எனக்கு 54 வயது. கிணறு வற்றியதும் ஊரில் விவசாயத்தை விட்டுவிட்டு சென்னை வந்து ஆறு வருஷமாக செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். இப்போது 220 வீடு இருக்கிற அபார்ட்மென்ட்டில் நைட் டூட்டி. ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை, மாசம் முப்பது நாளும். சம்பளம் 15,000. போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்டிக்கர் இல்லாத புது கார் வந்தது. "எந்த வீடு சார்?" என்றுதான் கேட்டேன். "டேய், மூணு வருஷமா இங்க இருக்கேன், என்னையே கேக்கிறியா நாயே" என்று மனைவி பிள்ளை முன்னால் கத்தினார். என் மகன் வயசு அவருக்கு. நான் பதில் பேசவில்லை. மறுநாள் நான்தான் மரியாதை இல்லாமல் பேசினேன் என்று புகார். ஏஜென்சி இரண்டு நாள் சம்பளம் 1,000 ரூபாய் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முன்னால் மன்னிப்புக் கடிதம் கொடுக்கணுமாம், இல்லையென்றால் சைட் மாற்றமாம். விடியற்காலையில் நான் நாற்காலியில் கண்ணசந்ததை யாரோ போட்டோ எடுத்து அவர்கள் குரூப்பில் போட்டதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். தினமும் ஏதாவது ஒன்று இப்படி நடக்கிறது. வேலையும் போகக் கூடாது, மானமும் போகக் கூடாது. என்ன செய்ய?

ஐயா,

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "கேட்டில் இரண்டு நிமிஷம் தாமதமானது வருத்தம்தான் சார்" என்று வாயால் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள், அதில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் "நான் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன், இனி இப்படி நடக்காது" என்று எழுதித் தரும் காகிதம் கமிட்டியோடு நிற்பதில்லை. அது ஏஜென்சியில் உங்கள் பெயருள்ள கோப்புக்குள் போய்விடும். பிடித்த 1,000 ரூபாய்க்கு அதுவே காரணமாகும். ஆறு மாதம் கழித்து வேலையை விட்டு நிறுத்தினால் அதற்கும் அதையே காட்டுவார்கள். தொழிலாளர் வழக்குகள் பார்க்க ஆரம்பித்து பதினெட்டு வருஷம் ஆகிறது. தப்பே செய்யாத காவலர்கள் சண்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கடிதங்களை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக நீங்களே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். அன்றிரவு நடந்தது மட்டும் அதில் இருக்கட்டும். "இரவு 11.32. ஸ்டிக்கர் இல்லாத கார், எண் இன்னது. எந்த வீடு என்று கேட்டேன். ஓட்டி வந்தவர் என்னை நாயே என்று சொன்னார். வீட்டு எண் சொன்னதும் 11.34-க்கு கேட் திறந்தேன். பக்கத்து கேட்டில் இருந்தவர் இன்னார்." இவ்வளவு போதும். திமிராகப் பேசினார், குடித்திருந்தார் போல இருந்தது என்றெல்லாம் உங்கள் அபிப்பிராயத்தைச் சேர்க்க வேண்டாம். பெருங்குடிப் பக்கம் ஒரு காவலர், டூட்டியில் நடப்பதைப் பதியும் ஆக்கரன்ஸ் புக்கில் "பணத்திமிர் பிடித்தவர்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டார். அதுவரை அவருக்கு ஆதரவாக இருந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர், அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் "நீங்களும்தான் திட்டியிருக்கிறீர்கள்" என்று ஒதுங்கிக்கொண்டார். காரில் வந்தவர் திட்டிய சொல்லை அப்படியே எழுதலாம், அது நடந்த விஷயம். அவரைப் பற்றி நீங்கள் நினைப்பதை எழுதினால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அன்றைக்கே ஆக்கரன்ஸ் புக்கில் எழுதியிருந்தால் நல்லது. எழுதாமல் விட்டிருந்தால், பழைய தேதிக்குப் போய் இடைவெளியில் செருகாதீர்கள். இன்றைய தேதி போட்டு, "இன்ன தேதி இரவு நடந்ததை இன்று பதிகிறேன்" என்று எழுதுங்கள். பக்கத்துக்கு எண் இல்லாவிட்டால் எண் போட்டுவிடுங்கள், கிழிக்கப்பட்ட பக்கம் அப்போதுதான் தெரியும். நீங்கள் எழுதிய பக்கத்தை மட்டும் போனில் ஒரு போட்டோ எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள். கேட்டில் கேமரா இருக்குமே, அதன் பழைய பதிவு பல இடங்களில் பதினைந்து நாளிலோ ஒரு மாதத்திலோ தானாக அழிந்துவிடும். "இன்ன தேதி 11.25 முதல் 11.40 வரையுள்ள பதிவை எடுத்து வையுங்கள்" என்று நீங்கள் கொடுக்கும் தாளின் கடைசியில் ஒரு வரி சேருங்கள். அந்தக் கேமராக்களில் பெரும்பாலும் ஒலி பதிவாகாது. ஆனால் நீங்கள் எங்கே நின்றீர்கள், கை நீட்டினீர்களா, எத்தனை நொடியில் கேட் திறந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பல புகார்கள் அந்தப் பதிவைக் கேட்டதுமே அடங்கிப் போயிருக்கின்றன. ஒன்று மட்டும் வேண்டாம்: அந்தக் காட்சி கைக்குக் கிடைத்தால் யாருக்கும் பரப்பிவிடாதீர்கள். அப்புறம் பேச்சு, அவர் உங்களை அவமதித்ததை விட்டுவிட்டு, "குடியிருப்பவரின் வீடியோவை வெளியே விட்ட காவலாளி" என்று மாறிவிடும்.

சரி, இனி எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்களைத் திட்டிய அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்டிக்கர் இல்லாத வண்டியை நிறுத்திக் கேட்கச் சொன்னது யார்? நீங்களாக முடிவு செய்ததா? இல்லை. எப்போதோ ஒரு கமிட்டிக் கூட்டத்தில் "கண்ட வண்டியும் உள்ளே வருகிறது" என்று யாரோ சொல்ல, செயலாளர் ஃபீல்டு ஆபீசரிடம் சொல்ல, அவர் உங்களிடம் வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பார். 220 வீட்டுக்கும் அந்த விதி எழுத்தில் போகவில்லை. ஆகவே காரில் வருபவருக்கு அது சங்கத்தின் விதியாகத் தெரிவதில்லை, ஒரு காவலாளி தன்னை நிறுத்துவதாகத் தெரிகிறது. விதி போட்டவர்கள் மாடியில் தூங்குகிறார்கள். அதற்கான திட்டு முழுவதும் கீழே நிற்கும் உங்கள் மேல் விழுகிறது. நிறுத்தாமல் விட்டிருந்தால் மறுநாள் "என்ன வேலை பார்க்கிறாய்" என்று அதே கமிட்டி கேட்டிருக்கும். நிறுத்தினாலும் தப்பு, விட்டாலும் தப்பு என்ற இடத்தில் உங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தினமும் ஏதாவது ஒன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்றுகளை எண்ணிப் பாருங்கள். டெலிவரிப் பையனை இன்டர்காமில் கேட்டு அனுப்புவது, விருந்தினர் வண்டிக்கு இடம் இல்லை என்பது, ராத்திரி பத்துக்கு மேல் கிளப் ஹவுசைப் பூட்டுவது என்று பெரும்பாலும் யாரோ போட்ட, யாரும் எழுதித் தராத விதியாகத்தான் இருக்கும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கமிட்டியிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு காகிதம். கேட்டில் யாரை நிறுத்த வேண்டும், யாரை விட வேண்டும், மறுத்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், செயலாளர் கையெழுத்தோடு ஒரு பக்கம். அதன் ஒரு நகல் கேட் அறையில் கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி ஒட்டப்பட வேண்டும், அதையே அவர்களுடைய குரூப்பிலும் போட வேண்டும். "புகார் வராமல் இருக்க என்ன செய்யணும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார், அப்படியே செய்கிறேன்" என்று கேளுங்கள். கெஞ்சவும் வேண்டாம், சவாலும் வேண்டாம். இதை மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

நான் சொன்ன பெருங்குடிக் குடியிருப்பில், முதல் காவலர் போன பிறகு வந்தவர் இதைத்தான் செய்தார். எழுதித் தர உட்கார்ந்தபோதுதான் கமிட்டிக்கே தெரிந்தது, தங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்று. வாடகைக்கு இருப்பவருக்கு ஸ்டிக்கர் உண்டா, இல்லையா? புது வண்டி வாங்கினால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும்? இரண்டு கூட்டம் அதற்கே போனது. கடைசியில் புது வண்டிக்குப் பதினைந்து நாள் அவகாசம், அதுவரை வீட்டு எண்ணும் பெயரும் சொன்னால் போதும், சொல்ல மறுத்தால் காவலர் வாதாடக் கூடாது, கேட்டைத் திறந்துவிட்டு வண்டி எண்ணைக் குறித்துச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவானது. அந்தக் கடைசி வரிதான் பெரிய விஷயம். அதன் பிறகு காவலர் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மறுத்தவருக்கு மறுநாள் செயலாளரிடமிருந்து போன் போனது. திட்டு முழுவதும் நிற்கவில்லை, அப்படிச் சொன்னால் பொய். ஆனால் திட்டியவர் அடுத்த நாள் பேச வேண்டிய ஆள் மாறிவிட்டார்.

அந்தக் காகிதம் வந்ததும் கேட்டில் நீங்கள் பேசும் வாக்கியத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். "எந்த வீடு?" என்றால் கேட்பது நீங்கள். "சங்கத்துல எழுதச் சொல்லியிருக்காங்க சார், வீட்டு நம்பர் மட்டும் சொல்லுங்க" என்றால் கேட்பது சங்கம். ஒருமுறை கேளுங்கள், இரண்டாவது முறை ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுங்கள், மூன்றாவது முறை கேட்காதீர்கள். திறந்துவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு முன்னால் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள். டிரைவர் பக்கக் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். 2015 ஜனவரியில் திருச்சூரில் ஒரு பெரிய குடியிருப்பின் வாசலில், கேட் திறக்கத் தாமதமானது என்பதற்காக ஒரு தொழிலதிபர் காவலரை அடித்து, காரால் மோதினார். சில வாரங்களில் அந்தக் காவலர் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். ஒரு வருஷத்தில் விசாரணை முடிந்து 2016 ஜனவரியில் கொலைக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஆனால் போன உயிர் போனதுதானே. குரல் உயர்ந்து, கார்க் கதவு திறந்து, ஆள் இறங்குகிறார் என்றால் கேட் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

இப்போது அந்த 1,000 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, அபராதம் என்ற பெயரில் சம்பளத்தில் கை வைப்பதற்கு வரம்பு வைத்திருக்கிறது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவும் செய்திருந்தாலும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் அபராதமாகப் பிடிக்கக் கூடாது. 15,000-க்கு அது 450 ரூபாய். உங்களிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை, 1,000 போய்விட்டது. இது சட்டப்படி செல்லாது.

ஆனால் ஏஜென்சிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன, அதைச் சொல்லியாக வேண்டும். அபராதம் என்று எழுதவே மாட்டார்கள். வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கலாம் என்று சட்டத்திலேயே இருப்பதால், வருகைப் பதிவில் இரண்டு நாளை ஆப்சென்ட் என்று மாற்றிவிடுவார்கள். ஆகவே முதலில் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று பாருங்கள். முப்பதுக்குப் பதில் இருபத்தெட்டு என்று இருந்தால் விஷயம் அதுதான். அப்போது அந்த இரண்டு நாளும் நீங்கள் டூட்டியில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். விசிட்டர் ரெஜிஸ்டரில் உங்கள் கையெழுத்து, காலையில் ரிலீவரிடம் ஒப்படைத்த குறிப்பு, ஃபீல்டு ஆபீசர் ராத்திரி ரவுண்டு வந்து போட்ட கையெழுத்து, எதுவானாலும் சரி. தொகையைத் திருப்பித் தரும்படி ஏஜென்சிக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ, பதிவுத் தபால் ரசீதோ வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது, உங்கள் பகுதிக்கு எந்த அலுவலர் என்று அங்கே சொல்வார்கள். இப்படிப்பட்ட கோரிக்கைக்கு மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு. வேலையில் இருந்துகொண்டே உடனே போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னொன்று, ஏஜென்சி சம்பள பாக்கி வைத்தால் அதற்கு நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் உரிமையாளரையும், அங்கே சங்கம் என்றால் சங்கத்தையும், அதே சட்டம் பொறுப்பாக்குகிறது. கமிட்டியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரியாது. தெரிந்தால் "ரெண்டு நாள் கட் பண்ணுங்க" என்று போனில் சொல்லும்போது கொஞ்சம் யோசிப்பார்கள்.

நாற்காலியில் கண்ணசந்த விஷயத்தை நான் சமாளித்துச் சொல்லப் போவதில்லை. ராத்திரிக் காவலில் தூங்குவதைத் தவறாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதை மறுத்து வாதாடினால் உங்கள் மற்ற வாதமும் பலவீனமாகும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 12 மணி நேரம், 30 நாள் என்றால் மாதம் 360 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று வைத்தால் 26 நாளுக்கு 208 மணி நேரம்தான் வரும். மீதி 152 மணி நேரம் மிகைநேரம், அதற்கு இரட்டிப்பு வீதம் தர வேண்டும். அப்படியானால் உங்கள் 15,000 ரூபாய் 512 மணி நேரத்துக்கான கூலி. மணிக்கு 29 ரூபாய் சொச்சம், எட்டு மணி நேர நாளுக்கு 234 ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலியே 336 ரூபாய். ஊரை விட்டு வந்து, ராத்திரி முழுக்க விழித்திருந்து, அதைவிடக் குறைவாக வாங்குகிறீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. போட்டோ எடுத்தவருக்கு இது தெரிந்திருக்காது. மெயின்டனன்ஸ் பில்லில் செக்யூரிட்டிக்கு என்று அவர் பார்க்கும் தொகை ஏஜென்சிக்குப் போவது, அது முழுவதும் உங்கள் கைக்கு வருவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கமிட்டியில் அந்தப் போட்டோவை எடுத்தால், "முப்பது நாளும் பன்னிரண்டு மணி நேரம் சார், வார ஓய்வு கிடையாது. ராத்திரி இரண்டு பேரில் ஒருவர் மாற்றி ஒருவர் அரை மணி நேரம் உட்கார அனுமதி கொடுங்கள், வாரம் ஒரு நாள் ரிலீவர் போடச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ரிலீவருக்கு ஆகும் செலவைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்டது குறிப்பில் ஏறினால் போதும்.

சைட் மாற்றம் பற்றி உண்மையைச் சொல்கிறேன். உங்களை வேலைக்கு வைத்திருப்பது ஏஜென்சி, சங்கம் அல்ல. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றுவதை அவ்வளவு சுலபமாகத் தடுக்க முடியாது. "ஆளை மாத்துங்க" என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் மாற்றிவிடுகிறார்கள், இந்தத் தொழிலில் இவ்வளவு அவமரியாதை துணிச்சலாக நடப்பதற்குக் காரணமே அதுதான். மாற்றினால் ஆர்டரை எழுத்தில் கேளுங்கள். அதே சம்பளமா, எந்தத் தேதியிலிருந்து என்று அதில் இருக்க வேண்டும். ஆபத்து எங்கே வருகிறதென்றால், "சைட் இல்லை, கூப்பிடுகிறோம், வீட்டில் இருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாமலே விட்டுவிடுவதில். கேட்டால் நீங்களாக வராமல் நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன அன்றே "வேலைக்குத் தயாராக இருக்கிறேன், சைட் கொடுங்கள்" என்று மேலாளருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி, அடுத்த நாள் அதையே பதிவுத் தபாலில். பத்து நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் தாமதிக்காமல் தொழிலாளர் அலுவலரிடம் போங்கள்.

போலீசுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லை எது என்று தெரிந்திருக்கட்டும். "டேய்" என்பதற்கும் "நாயே" என்பதற்கும் ஸ்டேஷனில் வழக்கு நிற்பது கஷ்டம், அலைச்சல்தான் மிஞ்சும். கை வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), உன்னை என்ன செய்கிறேன் பார் என்று மிரட்டினால் 351. அடி பட்டால் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி அடிபட்டது என்று சீட்டில் எழுத வைத்து, அப்புறம் ஸ்டேஷனுக்குப் போங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றாலும் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர் நாலு பேர் பார்க்கும் இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டினால் அது வேறு கதை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதுவே தனிக் குற்றம், குடியிருப்பின் வாசலும் நாலு பேர் பார்க்கும் இடம்தான். உங்களுக்கோ உடன் வேலை பார்ப்பவருக்கோ அப்படி நடந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போக வேண்டாம். அன்றிரவு பக்கத்து கேட்டில் இருந்தவரையும் கூப்பிடுங்கள். அவர் பயந்தால் வற்புறுத்தாதீர்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. உங்கள் தாளை இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு அவர் கையெழுத்தை வாங்குங்கள். அவர் மறுத்தால் அங்கேயே நின்று வாதாடாமல், மறுநாள் சங்கத்தின் முகவரிக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.